சாவி வாங்குறதுக்கு முன்னாடி சிசி

திருநின்றவூர் ஃப்ளாட்டுக்கு பில்டர் சாவி தரேன்னு சொல்றார்னு சந்தோஷமா இருக்க. சரிடா தங்கச்சி, சிசி வந்தாச்சான்னு கேட்டியா?

அனுமதி வாங்கின பிளான்படியே கட்டி முடிச்சாங்கன்னு சொல்றது கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட். தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாம் இருக்கு, ஆள் குடியேறலாம்னு சொல்றது ஆக்குபன்ஸி சர்டிஃபிகேட். ரெரா சட்டம் ரெண்டையும் தனித்தனியாத்தான் விளக்குது. பெங்களூருல இருக்கிறவங்க ஓசி, ஓசின்னு பயமுறுத்துவாங்க. திருநின்றவூர் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள்ள வருது. அதனால பெரிய அடுக்குமாடிக்கு நீ கேட்க வேண்டியது சிஎம்டிஏ குடுக்கிற சிசி. சின்ன வீடுகளுக்கு 2019 கட்டட விதியிலேயே விலக்கு உண்டு. உன்னோடது மாதிரி பதினாறு வீட்டுக் கட்டடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

சிசி எங்க சிக்கும்? பிளான்ல ஸ்டில்ட் பார்க்கிங், மேல நாலு மாடின்னு வெச்சுக்கோ. பில்டர் பார்க்கிங்ல ஒரு மூலையைச் சுவர் வெச்சு அடைச்சு கடையாக்கிட்டார், மொட்டை மாடியில ரெண்டு ரூம் போட்டார். அளக்க வர்றவங்க அதைப் பார்த்தா சான்று நிக்கும். சான்று இல்லாம நிரந்தர ஈபி லைன் வராது. கட்டுமானத்துக்கு வாங்கின தற்காலிக லைன்ல, கூடுதல் கட்டணத்துல, பதினாறு குடும்பமும் ஓட்டணும். மும்பையில ஒரு ஹவுசிங் சொசைட்டி ஓசி இல்லாம குடியேறிட்டு, சொத்து வரி 25 சதவீதமும் தண்ணிக் கட்டணம் 50 சதவீதமும் கூடக் கட்டுச்சு. அந்த வழக்குல, ஓசி வாங்கித் தராதது பில்டரோட சேவைக் குறைபாடுதான்னு 2022 ஜனவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

அதனால பிளான் நகலைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை போய் நீயே மாடியை எண்ணு, பார்க்கிங்கைப் பாரு. சான்று நகல் குடுத்தாங்கன்னா அதுல இருக்கிற திட்ட அனுமதி எண், சர்வே எண், மாடி எண்ணிக்கை, வீடுகளோட எண்ணிக்கை எல்லாம் உன் பத்திரத்தோட ஒத்துப்போகுதா பாரு. "அப்ளை பண்ணிட்டோம் மேடம்"னு காட்டுற ரசீது சான்று ஆகாது.

பேங்க்காரங்க கடைசித் தவணையைப் பிடிச்சு வெச்சா எரிச்சல்படாதே. கட்டடத்தை அடமானமா வெச்சுக் கடன் குடுக்கிறதுக்கு முன்னாடி இந்தச் சான்றைச் சரிபார்க்கணும்னு 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கு. பிளானை மீறிக் கட்டி இடிப்பு நோட்டீஸ் ஒட்டின வீட்டை ஏலத்துல யார் எடுப்பா? நீயும் அவங்களை மாதிரியே செய். கடைசித் தொகையை சிசி வந்ததும் தரேன்னு ஒப்பந்தத்துலயே எழுத வை.

"சாவி வாங்கலேன்னா இந்த மாசத்துலேர்ந்து மெயின்டனன்ஸ் போடுவோம்"னு மிரட்டுவாங்க. ரெரா சட்டம் 19(10)படி வீட்டை எடுத்துக்க உனக்கு ரெண்டு மாச அவகாசம் உண்டு, அது குடியேறலாம்னு சான்று வந்த பிறகுதான் ஆரம்பிக்கும். இதை ஃபோன்ல சொல்லிட்டு விட்டுடாதே. சிசி நகல் கேட்டு ஈமெயில் போட்டு வை.