பத்து விழுக்காடு ஆடினால் லாபம் எவ்வளவு ஆடும்? ஒரு ஏக்கர் மணிலா கணக்கு

நம்மில் பல பேர் கணக்கு எழுதுகிறோம். விதை இவ்வளவு, ஆள்கூலி இவ்வளவு, விற்ற காசு இவ்வளவு, கழித்தால் மீதி இவ்வளவு. அதோடு நோட்டை மூடி வைத்துவிடுகிறோம். அந்த மீதிக் காசு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, எது கொஞ்சம் அசைந்தால் சரிந்து விழும் என்பதை அந்த நோட்டு தானாகச் சொல்லாது. அதற்கு இன்னொரு கணக்குப் போட வேண்டும். விலை, மாறும் செலவு, விளைச்சல், நிலைச்செலவு ஆகிய நான்கையும் ஒவ்வொன்றாகப் பத்து விழுக்காடு அசைத்து, லாபம் எவ்வளவு அசைகிறது என்று பார்ப்பதுதான் அது. வணிகப் படிப்பில் இதை உணர்திறன் பகுப்பாய்வு என்பார்கள். நாம் ஆட்டக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம்.

வானூர், திண்டிவனம் பக்கத்துச் செம்மண்ணுக்குப் பழகிய பயிர் மணிலா. நம்ம ஊர்ப் பேச்சில் மல்லாட்டை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களில் உள்ள அந்த மூன்று எழுத்தும் திண்டிவனத்தைத்தான் குறிக்கும். அதனால் இந்தப் பாடத்துக்கு மணிலாவையே எடுத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் கணக்கைப் புரியவைக்கப் போட்டவை. உங்கள் நோட்டில் உள்ள எண்களை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

முதலில் செலவை மூன்றாகப் பிரிப்போம்

மார்கழிப் பட்டத்தில் ஒரு ஏக்கர் இறவை மணிலா, இயற்கை முறை. காய்ந்த காய் 800 கிலோ. கிலோ 80 ரூபாய். வரவு 64,000 ரூபாய்.

புத்தகத்தில் செலவு இரண்டே வகைதான்: நிலைச்செலவு, மாறும் செலவு. நம் நிலத்துக்கு மூன்று வகை தேவைப்படுகிறது.

முதலாவது, விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் வருகிற செலவு. அந்தப் பருவத்துக்கான குத்தகை 8,000, போர், மோட்டார் பராமரிப்பு 3,000, வேலி, சான்றிதழ் வகையறா 1,000. மொத்தம் 12,000. இதுதான் நிலைச்செலவு.

இரண்டாவது, ஏக்கர் செலவு. விதைப் பருப்பு 60 கிலோ 7,800, உழவு 4,000, தொழு உரம் 4,000, விதை ஊன்ற 2,000, களை வெட்ட 5,500, ஜிப்சம் 1,200, பஞ்சகவ்யம், அமுதக்கரைசல் 1,000, செடி பிடுங்க 2,500. மொத்தம் 28,000.

மூன்றாவது, கிலோ செலவு. காய் ஆயும் கூலி, காயவைப்பது, சாக்கு, வண்டி வாடகை. கிலோவுக்கு 10 ரூபாய் வீதம் 8,000.

மொத்தச் செலவு 48,000. லாபம் 16,000.

ஏக்கர் செலவையும் கிலோ செலவையும் ஏன் பிரிக்க வேண்டும்? சாக்குத் தைக்கும் கம்பெனியில் நூறு சாக்கு குறைவாகத் தைத்தால் நூறு சாக்குக்கான சணலும் மிச்சமாகும். நம் காட்டில் நூறு கிலோ காய் குறைந்தால் என்ன மிச்சம்? விதை மண்ணுக்குள் போயாச்சு, களை வெட்டியாச்சு, எரு போட்டாச்சு. அந்த நூறு கிலோவுக்கான காய் ஆயும் கூலியும் சாக்கும் வண்டியும்தான் மிச்சம். இந்த வித்தியாசத்தை மறந்தால் கணக்கு நம்மை ஏமாற்றிவிடும். எவ்வளவு ஏமாற்றும் என்று பார்ப்போம்.

ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்போம்

ஒன்றை அசைக்கும்போது மற்றவற்றை அப்படியே வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நமக்குப் பாதகமான பக்கமே பத்து விழுக்காடு நகர்த்துவோம்.

*விலை.* 80 ரூபாய் 72 ஆகிறது. வரவில் 6,400 குறைகிறது. செலவு ஒரு ரூபாய்கூடக் குறையாது. லாபம் 9,600. அதாவது 40 விழுக்காடு போச்சு.

*விளைச்சல்.* 800 கிலோ 720 ஆகிறது. வரவில் 6,400 குறைகிறது, கிலோ செலவில் 800 மிச்சம். லாபம் 10,400. 35 விழுக்காடு போச்சு.

*மாறும் செலவு.* ஏக்கர் செலவும் கிலோ செலவும் சேர்ந்த 36,000-இல் பத்து விழுக்காடு கூடினால் 3,600. லாபம் 12,400. 22.5 விழுக்காடு குறைவு.

*நிலைச்செலவு.* 12,000-இல் 1,200 கூடுகிறது. லாபம் 14,800. குறைவு 7.5 விழுக்காடுதான்.

வரிசை இதுதான்: விலை, விளைச்சல், மாறும் செலவு, கடைசியில் நிலைச்செலவு.

இப்போது புத்தக முறையில் விளைச்சலைப் பார்ப்போம். மாறும் செலவு முழுவதும் கிலோவோடு குறையும் என்று எடுத்தால், 36,000-ஐ 800-ஆல் வகுக்க கிலோவுக்கு 45 ரூபாய். 80-இல் 45 போனால் 35. எண்பது கிலோ குறைந்தால் நட்டம் 2,800 மட்டும், லாபத்தில் 17.5 விழுக்காடு. உண்மையில் போனது 5,600, சரியாக இரண்டு மடங்கு. விளைச்சல் குறைந்தால் பெரிசா ஒண்ணும் ஆகாது என்று இந்தக் கணக்கு நம்மை நம்பவைத்துவிடும்.

புத்தகக் கணக்கு பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. விளைச்சல் குறையாமல் பரப்பைக் குறைக்கும்போது அது சரி. பத்து சென்ட் குறைவாக விதைத்தால் விதை, உழவு, களை எல்லாம் சேர்ந்துதான் குறையும். ஆகவே அளவு குறைந்தது என்றால், பரப்பு குறைந்ததா, செடியில் காய் குறைந்ததா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தூரம் தாங்கும்?

இதே கணக்கைத் திருப்பியும் போடலாம். லாபம் பூஜ்ஜியம் ஆகும்வரை ஒவ்வொன்றும் எவ்வளவு நகரலாம்?

மொத்தச் செலவு 48,000-ஐ 800-ஆல் வகுத்தால் 60. விலை 60 ரூபாய்வரை, அதாவது 25 விழுக்காடு இறங்கினால் கைக்கு ஒன்றும் மிஞ்சாது. விளைச்சலுக்கு, கிலோ செலவு போகக் கிலோவுக்கு நிற்பது 70 ரூபாய். நிலைச்செலவும் ஏக்கர் செலவும் சேர்ந்த 40,000-ஐ 70-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 571 கிலோ. சுமார் 28 விழுக்காடு இறங்கலாம். மாறும் செலவு 44 விழுக்காடு ஏறினால்தான் லாபம் தீரும். நிலைச்செலவோ இரண்டு மடங்குக்கு மேல் ஏற வேண்டும்.

விலையில் 10 விழுக்காடு என்பது எங்கோ இருக்கிற அளவு இல்லை. 2025-26க்கு மணிலாவுக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய், கிலோவுக்கு 72 ரூபாய் 63 காசு. நம் கணக்கில் 80 ரூபாய் என்பது இயற்கை விளைபொருள் என்று தெரிந்து வாங்குபவர் தரும் விலை. அவர் கைவிட்டு, கமிட்டியில் மற்றவர் காயோடு நம் காயும் கொட்டப்பட்டு ஆதரவு விலையே கிடைத்தாலும், பத்து விழுக்காட்டுக்குக் கிட்டத்தட்ட இறங்கியாச்சு. லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதோடு போகிறது.

70 ரூபாய் என்ற எண்ணை மனதில் வையுங்கள்

இந்தக் கணக்கில் அன்றாடம் பயன்படும் எண் 70. ஒரு கிலோ காய் கூடினாலும் குறைந்தாலும் நம் கையில் நகரும் காசு அது.

ஜிப்சம் எடுத்துக்கொள்வோம். பூத்து, விழுது இறங்கும் நேரத்தில், 40 முதல் 45 நாளில் இட்டு மண் அணைக்கிறோம். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக எடுக்கிறது. அது போதாவிட்டால் பொக்குக் காய் விழும். "இந்த வருஷம் ஜிப்சம் வேணாம், 1,200 மிச்சம்" என்று ஒருவர் நினைக்கலாம். 1,200-ஐ 70-ஆல் வகுங்கள். 17 கிலோ வரும். 800-இல் இது இரண்டு விழுக்காடுதான். பொக்கு அதைவிடக் கூடினால் மிச்சம் பிடித்ததாக நினைத்தது நட்டம். அடுத்த வயலில் இருபது செடி பிடுங்கி, நூறு காயை உடைத்து, பொக்கு எத்தனை என்று எண்ணினால் முடிவு கிடைத்துவிடும். ஏற்கெனவே சுண்ணாம்புச் சத்து போதுமான மண் என்றால், அந்த 17 கிலோகூடக் குறையாமல் போகலாம். அப்போது விடுவதே சரி.

இரண்டாம் களைக்கு 2,750 என்றால் அதற்கு ஈடு 39 கிலோ, ஐந்து விழுக்காடு. தவிர்க்கலாமா என்று இதே வகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விலைப் பக்கம் கணக்கு இன்னும் எளிது. கிலோவுக்கு ஒரு ரூபாய் என்றால் 800 ரூபாய். வியாபாரி 80 ரூபாயே தருகிறேன் என்று சொல்லிவிட்டு நூறு கிலோவுக்கு இரண்டு கிலோ கழிவு பிடித்தால், 16 கிலோ போகிறது, 1,280 ரூபாய். நிலைச்செலவை முக்கி முனகிப் பத்து விழுக்காடு குறைத்தாலும் கிடைப்பது 1,200தான். குத்தகையைக் குறைக்கப் பத்து நாள் நடப்பவர், எடைத்தட்டு முன்னால் பத்து நிமிஷம் நிற்க மறக்கக் கூடாது.

இந்தக் கணக்கு எங்கே பொய் சொல்லும்?

ஒன்றை மட்டும் அசைத்துப் பார்த்தோம். நிலத்தில் அப்படி ஒன்று மட்டும் அசைவதில்லை. சித்திரையில் பிடுங்கும் நேரம் மழை பிடித்தால், கொத்து ரகக் காய் மண்ணிலேயே முளைவிடும், மீதிக் காய் கறுக்கும். எடையும் குறையும், விலையும் குறையும். இரண்டும் பத்துப் பத்து விழுக்காடு இறங்கினால் 720 கிலோ, 72 ரூபாய், வரவு 51,840. செலவு 47,200. லாபம் 4,640. கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கு போகிறது. எதிர்ப்பக்கமும் உண்டு. எல்லோருக்கும் நன்றாக விளைந்த வருஷத்தில் விலை இறங்கும், அப்போது ஒன்று மற்றதைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

இன்னொன்று, இது சின்ன அசைவுகளுக்கான கணக்கு. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி நாளுக்குப் பத்து விழுக்காடு கணக்கு உதவாது. அதற்கு வடிகால், கலப்புப் பயிர், கையிருப்பு என்று வேறு ஏற்பாடு வேண்டும்.

மூன்றாவது, லாபம் மெலிந்திருந்தால் ஆட்டம் பெரிதாகத் தெரியும். சொந்த நிலத்துக்காரர் குத்தகை 8,000-ஐ எழுதாவிட்டால் லாபம் 24,000. அதே விலை வீழ்ச்சி அங்கே 27 விழுக்காடாகத் தெரியும். இறங்கிய காசு என்னவோ அதே 6,400தான். வீட்டு ஆள் உழைப்பை எழுதாமல் விட்டாலும் இப்படித்தான். அதனால் விழுக்காட்டோடு ரூபாயையும் பக்கத்தில் எழுதுங்கள்.

இந்தப் பருவ நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வரி எழுதினால் போதும். லாபம் எவ்வளவு. விலை பத்து விழுக்காடு இறங்கினால் எவ்வளவு. காய் பத்து விழுக்காடு குறைந்தால் எவ்வளவு. மாறும் செலவு கூடினால் எவ்வளவு. நிலைச்செலவு கூடினால் எவ்வளவு. அடுத்த பட்டத்துக்கு விதை எடுக்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து, அதிகம் ஆடிய வரியிலிருந்து வேலையைத் தொடங்குங்கள்.