ஒரு விநாடி கெப்பாசிட்டரும் ஐந்நூறு விநாடி உலர்த்தியும்

நாமகிரிப்பேட்டைப் பக்கம் வேக வைத்த மஞ்சள் களத்தில் காய்வதற்குப் பத்துப் பதினைந்து நாள் ஆகும். இடையில் மழை வந்தால் பாடெல்லாம் வீண். அதனால்தான் வெப்பக்காற்று உலர்த்தி மேல் எல்லோருக்கும் ஒரு கண். ஆனால் காற்றின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது.

அப்படி ஒரு சின்னப் பெட்டி உலர்த்தியை இறுதியாண்டு மாணவர்கள் மூவர் செய்திருந்தார்கள். சூட்டைக் கட்டுப்படுத்த மைக்ரோகண்ட்ரோலர் வைக்காமல் ஆப்-ஆம்ப்பிலேயே பிஐ கண்ட்ரோலர் கட்டியிருந்தார்கள். “சார், மேசை மேல அருமையா ஓடுச்சுங்க. பெட்டியில மாட்டினா ஊஞ்சல் ஆடுதுங்க” என்றார் ஒருவர். போய்ப் பார்த்தேன். ஹீட்டர் முழு வீச்சில் எரிவதும் அடியோடு அணைவதுமாக இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை இதே ஆட்டம். சாலிடரிங்கில் குறை இல்லை. குறை ஒரு நம்பிக்கையில் இருந்தது.

நம்பிக்கை: கெப்பாசிட்டர் மதிப்பு கைக்கு அடங்காவிட்டால் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம்.

அவர்கள் முதலில் செய்ததெல்லாம் சரி. ஹீட்டருக்குத் திடீரென மின்சாரம் கொடுத்து, சூடு ஏறுவதைக் குறித்திருக்கிறார்கள். முதல் 20 விநாடி அசைவே இல்லை. பிறகு மொத்த ஏற்றத்தில் 63 சதவீதத்தைத் தொட 500 விநாடி. ஆக உலர்த்தியின் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனைத் தோராயமாக 1/(500s+1) என்று எழுதலாம். அதற்கேற்ற கண்ட்ரோலர் 2(1 + 1/(500s)). ஆப்-ஆம்ப்பின் பின்னூட்டத்தில் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் தொடராக வரும். அவற்றின் பெருக்கம் 500 விநாடி இருக்க வேண்டும். 1 மெகா ஓம் போட்டால் 500 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வேண்டும்.

அது பெரிதாகத் தெரிந்ததால், 500 விநாடியை ஓர் அலகாக வைத்து எழுதிவிட்டார்கள். உலர்த்தி 1/(s+1) ஆனது, கண்ட்ரோலர் 2(1 + 1/s) ஆனது. 1 மெகா ஓமும் 1 மைக்ரோஃபாரடும் போதும். உலர்த்திக்குப் பதிலாக அதே ஒரு விநாடிக் கணக்கில் இன்னொரு ஆப்-ஆம்ப் சுற்றைக் கட்டிச் சோதித்தார்கள். ஆஸிலாஸ்கோப்பில் கோடு அழகாக ஏறி நின்றது. அதே கண்ட்ரோலரைக் கழற்றி உலர்த்தியில் மாட்டினார்கள்.

உண்மை: நேர அளவுமாற்றம் சுற்று முழுவதற்கும் சேர்த்துத்தான் செல்லும். மேசை மேல் உலர்த்தியும் வேகமானது, கண்ட்ரோலரும் வேகமானது, அதனால் இரண்டும் ஒத்துப்போயின. களத்தில் இருக்கும் உலர்த்தி நம் தாளில் எழுதியதைப் பார்த்து வேகமாகச் சூடேறப் போவதில்லை. 500 விநாடி உலர்த்திக்கு 1 விநாடி கண்ட்ரோலரை மாட்டினால், கட்ட மிச்சம் வெறும் ஐந்து டிகிரியாகக் குறைகிறது. ஒன்றரை விநாடித் தாமதம் இருந்தாலே அது தீர்ந்துபோகும். இந்தப் பெட்டியிலோ 20 விநாடித் தாமதம்!

சுருக்கிய நேரத்தில் ஆராய்வது தவறே இல்லை. 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ்பரோ நிறுவனத்தில் ஜார்ஜ் ஃபில்பிரிக் ஆலைகளின் நடத்தையை மின்சுற்றில் இப்படித்தான் போலியாக ஓடவிட்டார். எட்டு நிமிட வேலையை ஒரு விநாடியில் பார்ப்பதுதான் அதன் பயன். பார்த்து முடித்ததும் எண்களைப் பழைய காலத்துக்குத் திருப்ப வேண்டும். Kp அப்படியே நிற்கும். Ki 500ஆல் வகுபடும். Kd இருந்தால் அது 500ஆல் பெருகும். இந்தத் திருப்பத்தைத்தான் மாணவர்கள் விட்டிருந்தார்கள்.

நம்பிக்கை: அப்படியானால் மின்மறுப்பு அளவுமாற்றம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும்.

இது பாதி உண்மை. எல்லா ரெசிஸ்டரையும் பத்து மடங்காக்கி, எல்லாக் கெப்பாசிட்டரையும் பத்தில் ஒன்றாக்கினால் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் மாறாது. 1 மெகா ஓம், 500 மைக்ரோஃபாரட் என்பது 10 மெகா ஓம், 50 மைக்ரோஃபாரட் ஆகும். அளவு சிறுத்தது. ஆனால் பெருக்கம் அதே 500 விநாடிதான். அதைக் குறைக்க எந்த வித்தையும் கிடையாது.

50 மைக்ரோஃபாரடுக்குக் கடையில் கொடுப்பது எலக்ட்ரோலிட்டிக். சிக்கல் அங்கே தொடங்குகிறது. சூட்டு உணரி ஒரு டிகிரிக்கு 100 மில்லிவோல்ட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். Kp 2 வேண்டுமென்பதால் உள்ளீட்டு ரெசிஸ்டர் 5 மெகா ஓம். ஒரு டிகிரிப் பிழைக்கு உள்ளே ஓடும் மின்னோட்டம் 20 நானோ ஆம்பியர் மட்டுமே. எலக்ட்ரோலிட்டிக்கில் ஒரு மைக்ரோ ஆம்பியர் கசிந்தால் அது 50 டிகிரிப் பிழைக்குச் சமம். பழைய 741ஐப் போட்டால் அதன் உள்ளீட்டு மின்னோட்டமே வழக்கமாக 80 நானோ ஆம்பியர், அதாவது 4 டிகிரி. ஈரத்தோடு மஞ்சள் தூள் போர்டில் படிந்தாலும் அந்த வழியாக மின்சாரம் கசியும். ஆட்டம் இல்லாமல், ஆனால் தவறான சூட்டில் பெட்டி அசையாமல் நின்றால், முதலில் கசிவைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நாங்கள் செய்தது இது. விகிதப் பகுதியையும் தொகைப் பகுதியையும் தனித்தனி ஆப்-ஆம்ப்பாகப் பிரித்தோம். தொகைப் பகுதிக்கு 250 விநாடி வேண்டும். 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெப்பாசிட்டர் இரண்டை இணையாக வைத்தோம். ரெசிஸ்டர் 125 மெகா ஓம் வேண்டும். அது கிடைக்காது. அதற்குப் பதில் 1 மெகா ஓம் இரண்டைத் தொடராக வைத்து, நடுப்புள்ளியிலிருந்து 8.2 கிலோ ஓமைத் தரைக்கு இழுத்தோம். ஆங்கில T எழுத்துபோல இருக்கும். இது 124 மெகா ஓமாக நடந்துகொள்ளும், காலம் 248 விநாடி.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆப்-ஆம்ப்பின் ஆஃப்செட் மின்னழுத்தம் உள்ளீட்டில் சுமார் 123 மடங்காகத் தெரியும். ஒரு மில்லிவோல்ட் ஆஃப்செட், ஒன்றேகால் டிகிரிப் பிழை. TL081 போட்டால் உள்ளீட்டு மின்னோட்டம் பிகோ ஆம்பியர் கணக்கு, அது தொல்லை தராது. அதன் ஆஃப்செட் வழக்கமாக 3 மில்லிவோல்ட். 1, 5 கால்களுக்கு இடையே ட்ரிம்பாட் வைத்துச் சரிசெய்யாமல் விட முடியாது. உள்ளீட்டைத் தரையோடு இணைத்து, வெளியீடு நகராமல் நிற்கும் வரை திருகினோம்.

நம்பிக்கை: சரியாகக் கட்டியிருக்கிறோமா என்று அறிய உலர்த்தியில்தான் மாட்டிப் பார்க்க வேண்டும்.

மெகா ஓமை மைக்ரோஃபாரடால் பெருக்கினால் விநாடி வரும். முதல் சோதனை அதுதான், தாளிலேயே முடியும். இரண்டாவதற்கு ஒரு கடிகாரம் போதும். கண்ட்ரோலருக்கு நிலையாக அரை வோல்ட் கொடுங்கள். விகிதப் பகுதி உடனே 1 வோல்ட்டுக்குத் தாவும். தொகைப் பகுதியும் 1 வோல்ட்டைத் தொட எத்தனை விநாடி ஆகிறதோ, அதுவே தொகைக் காலம். மாணவர்களின் முதல் போர்டில் இது ஒரு விநாடி. இந்தச் சோதனையை அன்று செய்திருந்தால் பெட்டியில் மாட்டியிருக்கவே மாட்டார்கள். புதிய போர்டுக்குக் கணக்குப்படி 8 நிமிடம் 16 விநாடி வர வேண்டும். கெப்பாசிட்டரின் ஏற்ற இறக்கத்தில் பத்து சதவீதம் முன்பின் இருந்தாலும் உலர்த்திக்கு ஒன்றும் ஆகாது. மல்டிமீட்டரை மாட்டிவிட்டு மூவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு நிமிடம் தாண்டிச் சில விநாடிகளில் முள் 1 வோல்ட்டைக் கடந்தது. அதற்குப் பிறகுதான் ஹீட்டர் ஒயரைத் தொட்டோம்.