இரும்பும் கந்தகமும் சொல்லும் சாட்சி

நம்பிக்கை: பார்வைக்கு ஒரே சீராக இருப்பது ஒரே பொருள், துணுக்குகள் தனித்தனியே தெரிவதுதான் கலவை.

பொருள்களைத் தனிமம், சேர்மம், கலவை என்று வகுத்து எழுதச் சொன்னால், பித்தளையைத் தனிமம் என்றும், உப்புநீரைச் சேர்மம் என்றும், மணலும் உப்பும் சேர்ந்ததை மாத்திரம் கலவை என்றும் பிள்ளைகள் எழுதிவிடுவதற்குக் காரணம், கண்ணுக்குத் தென்படுவதே பொருளின் சுபாவம் என்று கொள்ளும் இந்த அபிப்பிராயந்தான். பித்தளைப் பாத்திரத்தை எவ்வளவு துலக்கிப் பார்த்தாலும் செம்பு ஒருபுறமும் துத்தநாகம் ஒருபுறமுமாகத் தெரிவதில்லை என்பது மெய்யே. ஆயினும் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் சேர்த்து உருக்கினாலும் அது பித்தளைதான். அறுபதும் நாற்பதுமாகச் சேர்த்தாலும் பித்தளைதான். முன்னது தகடாக அடிப்பதற்கு நன்கு இணங்கும், பின்னது சற்றுக் கடினமாக இருக்கும் என்பதே வித்தியாசம். விகிதத்தை நம் இஷ்டப்படி மாற்ற இடங்கொடுப்பது கலவையின் லட்சணம். சேர்மம் அவ்வாறு இடங்கொடாது. பிரெஞ்சு ரசாயன நிபுணரான ஜோசப் புரூஸ்ட், பூமியிலிருந்து தோண்டியெடுத்த செம்புக் கார்பனேட்டையும் பரிசோதனைச் சாலையில் தாமே தயாரித்ததையும் சோதித்து, இரண்டிலும் அம்சங்களின் எடை விகிதம் ஒன்றாகவே இருக்கக் கண்டு அதை 1799இல் வெளியிட்டார்; அதை ஒப்பாத பெர்தோலே என்னும் மற்றொரு பேரறிஞரோடு அவர் பல ஆண்டுகள் வாதிக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை: இரண்டு தனிமங்களை நுண்ணிதாகப் பொடித்துக் கலந்துவிட்டால் சேர்மம் உண்டாகிவிடும், அவற்றின் குணங்களும் அதில் தங்கியிருக்கும்.

இந்த நம்பிக்கையைச் சோதிக்க ஒரே ஒரு பரீட்சையைப் பொறுமையாகச் செய்தால் போதும். ஆசிரியர் உடனிருந்து செய்விக்க வேண்டிய பரீட்சை அது. 7 கிராம் இரும்புத் தூளையும் 4 கிராம் கந்தகப் பொடியையும் கல்வத்தில் இட்டு நன்றாக அரைத்தால், மஞ்சளும் கறுப்பும் மயங்கிச் சாம்பல் படிந்த ஒரு பொடி கிடைக்கும். காகிதம் சுற்றிய காந்தத்தை அதன்மேல் ஓட்டுங்கள். இரும்பு ஏறிக்கொள்ளும், கந்தகம் தாளிலேயே தங்கும். ஒரு சிட்டிகையை நீரில் தூவுங்கள். இரும்பு அடியில் இறங்க, நீரில் எளிதில் நனையாத கந்தகத்தின் பெரும்பகுதி மேலே மிதக்கும். எவ்வளவு அரைத்தாலும் இரண்டும் தத்தம் குணத்தை விடவில்லை; ஆகையால் இது கலவை.

இப்போது அந்தப் பொடியில் சிறிதளவைக் கெட்டிக் கண்ணாடிச் சோதனைக் குழாயில் இட்டு, வாயைக் கனிம நாரால் அடைத்து, அடிப்பாகத்தைச் சுடரில் காட்டுங்கள். ஓரிடத்தில் செந்தணல் தோன்றியதும் குழாயை விலக்கிவிடலாம். வெளியிலிருந்து உஷ்ணம் கொடாமலே அந்தத் தணல் பொடி முழுவதும் பரவிச் செல்வதைக் காண்பீர்கள். இரும்பும் கந்தகமும் ரசாயனச் சேர்க்கை அடைந்து, அதனால் வெளிப்படும் வெப்பமே அடுத்த பகுதியை மூட்டிவிடுகிறது. ஆறியபின் குழாயைத் துணியில் சுற்றி உடைத்தால் கறுத்த கட்டி ஒன்று கிடைக்கும். அதன் பெயர் இரும்புச் சல்பைடு. அதைப் பொடித்தால் மஞ்சள் தலைகாட்டாது, காந்தம் இழுக்காது, நீரில் தூவினால் மிதப்பதும் மூழ்குவதுமாகப் பிரியாமல் முழுவதும் அடியில் சேரும்.

இன்னும் நுட்பமான வேறுபாட்டை அமிலம் காட்டும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கலவையில் விட்டால் இரும்பு கரைந்து ஹைட்ரஜன் வெளிவரும். எரியும் குச்சியைக் காட்டினால் 'பட்' என்ற ஒலியோடு அது எரியும். சேர்மத்தில் விட்டாலோ, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு எழும். அது விஷவாயு, ஆதலால் இந்தப் பகுதியை ஆசிரியரே, அரிசிமணி அளவு துண்டைக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்து காட்ட வேண்டும்.

7, 4 என்ற அளவுகள் தற்செயலானவை அல்ல. இரும்பு அணுவின் எடை 56, கந்தக அணுவின் எடை 32. ஒன்றுக்கு ஒன்று என்று சேரும்போது அந்த விகிதமே 7:4 ஆகிறது. ஐந்து கிராம் கந்தகம் இட்டால் ஒரு கிராம் சேராமல் உருகி, மூச்சுத் திணறவைக்கும் புகையோடு நீலமாக எரியும். எட்டுக் கிராம் இரும்பு இட்டால் ஒரு கிராம் மிஞ்சி, காந்தத்தில் ஒட்டும். சரியாக நிறுத்தும்கூட, வகுப்பில் செய்த கட்டியைக் காந்தம் பலமுறை இழுத்துவிடுகிறது. இரும்புத் தூள் பருமனாக இருந்தாலும், இரும்போடு சேருமுன்னரே கந்தகத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போனாலும் அப்படி நேரும். அந்தக் கட்டியைக் கண்டு, சேர்மத்திலும் இரும்பின் குணம் இருக்கிறது என்று முடிவுகட்டலாகாது. அங்கே இருப்பது சேர்மமும் சேராத இரும்பும் அடங்கிய ஒரு கலவை.

நம்பிக்கை: நீர் கொதிக்கும்போது எழும் குமிழிகள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்.

நீர் சேர்மம் என்று கற்ற பிள்ளைகளுக்கே இந்த மயக்கம் அதிகமாக உண்டாகிறது. எழும் ஆவியில் குளிர்ந்த தட்டு ஒன்றை ஏந்தினால் அதில் படிவது நீர்த்துளியே. குமிழியில் இருந்ததும் நீரேதான். நீரைப் பிளப்பதற்கு உலைக்கொதி போதாது. மின்சாரத்தால் அதைப் பிளக்கலாம் என்று 1800இல் லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் காட்டினர். ஒன்பது வோல்ட் மின்கலத்தின் இரு முனைகளிலும் இணைத்த பென்சில் கரிகளை நீரில் அமிழ்த்தி, மின்சாரம் பாய்வதற்காகச் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்தால், ஒரு முனையில் எழும் வாயு மற்றதைவிட ஏறக்குறைய இருமடங்காக இருக்கக் காணலாம். அதிகமாக எழுவது ஹைட்ரஜன். மற்றது ஆக்சிஜன், அதாவது பிராணவாயு. சமையலுப்பைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஆக்சிஜனுக்குப் பதில் மூக்கை அரிக்கும் குளோரின் வரக்கூடும். இந்த ஆக்சிஜனின் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருக்கின்றனவே, ஆகையால் அதுவும் சேர்மமல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டும் ஒரே இன அணுக்கள், ஆதலால் அது தனிமமே.

நம்பிக்கை: கொதிக்கும் வெப்பநிலை மாறாமல் நின்றால் அது நிச்சயமாகக் கலவையல்ல.

இது முக்காலும் சரி. கடற்கரை மட்டத்தில் தூய நீர் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கி, கடைசித் துளிவரை அங்கேயே நிற்கும். உப்புநீரோ நீர் வற்ற வற்ற உப்பு செறிந்து, வெப்பமானியின் ரசம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஆனால் நூற்றுக்கு ஏறக்குறைய 95.6 பங்கு எடை எரிசாராயமும் மீதி நீருமாக உள்ள திரவம், கலவையாக இருந்தும், 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். காற்றழுத்தத்தை மாற்றினால் அந்த விகிதமும் மாறிவிடுவதால்தான் அதைக் கலவை என்று அறிகிறோம். ஆகவே ஒரே பரீட்சையை நம்பித் தீர்ப்புச் சொல்லாமல், விகிதத்தையும் விசாரிக்க வேண்டும்.

தனிமத்தை நிரூபிப்பதே எல்லாவற்றிலும் கடினம். ஏனெனில், இதுவரை எந்த முறையாலும் பிளக்க முடியவில்லை என்பதைத்தான் பழைய ரசாயனிகளின் பரீட்சைகள் சொல்ல முடிந்தது. 1789இல் லவாசியே வெளியிட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பும் இடம்பெற்றிருந்தது. அது ஒரு சேர்மமாக இருக்கக்கூடும் என்று அவரே சந்தேகித்தார். ஆனால் பிளந்து காட்ட அந்நாளில் வழியில்லை. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக்கொண்டு சுண்ணாம்பிலிருந்து கால்சியம் என்ற உலோகத்தைப் பிரித்தெடுத்தார். சுண்ணாம்பு சேர்மங்களின் வரிசைக்குப் போயிற்று.