60-ஆவது நொடியில் நின்றுபோகும் அறிக்கை

கேள்வி: உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் கணினிப் பிரிவில் இருக்கிறேன். சரக்கிருப்பு அறிக்கை வழக்கமாக 40 நொடியில் வந்துவிடும். மாதக் கடைசியில் மட்டும் `504 Gateway Time-out` வருகிறது. செயலிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் இருக்கிறது. அதன் நேர வரம்பை ஏற்றினால் போதுமா, அறிக்கையைப் பின்னணி வேலையாக மாற்ற வேண்டுமா?
– வாசகர், புக்கிட் தெங்கா, பினாங்கு

பதில்: முதலில் என்ஜின்எக்ஸின் பிழைப் பதிவைப் பாருங்கள். `upstream timed out` என்ற வரி இருந்தால், செயலியின் பதிலுக்காகக் காத்திருந்து என்ஜின்எக்ஸ்தான் கைவிட்டிருக்கிறது. அதன் இயல்பான வரம்பு 60 நொடி.

என்ஜின்எக்ஸ் கைவிட்டாலும் செயலி பெரும்பாலும் நிற்பதில்லை. தரவுத்தளத்தில் வினவல் ஓடிக்கொண்டே இருக்கும். அறிக்கைக்கு 90 நொடி ஆகிறது, செயலியில் 4 செயல்முறைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 60-ஆவது நொடியில் பிழையைப் பார்த்தவர் மறுபடி அழுத்துகிறார். முதல் வினவல் முடியாமலே இரண்டாவது தொடங்கிவிடும். இன்னும் இருவர் அதே நேரத்தில் அறிக்கை கேட்டால் நான்கும் அடைபட்டு, உள்நுழைவுப் பக்கம்கூடத் திறக்காது.

ஓரிருவர் மட்டுமே கேட்கும் அறிக்கை, எவ்வளவு மோசமான நாளிலும் இரண்டு நிமிடத்தைத் தாண்டாது என்றால், வரம்பை ஏற்றுவது சரியான தீர்வுதான். அந்த அறிக்கையின் முகவரிக்கு மட்டும் ஏற்றுங்கள்:

```
location /reports/stock {
    proxy_pass http://app;
    proxy_read_timeout 180s;
}
```

தளம் முழுவதற்கும் ஏற்றினால், உண்மையிலேயே செயலி உறைந்துபோன நாளில் எல்லாரும் மூன்று நிமிடம் காத்திருந்த பிறகே அது தெரியவரும். செயலிச் சேவையகத்துக்கும் தனி வரம்பு உண்டு, அதையும் உயர்த்துங்கள். இல்லையென்றால் 504 போய் 502 வரும்.

உங்கள் நிலை வேறு. கிடங்கின் பதிவுகள் மாதந்தோறும் கூடுகின்றன. மாதக் கடைசியில் பலர் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். வரம்பை ஏற்றினால் பிழை மறையும், ஆனால் செயல்முறைகள் அடைபடுவது தீராது. அதனால் பின்னணி வேலைக்கே மாறுங்கள்.

கோரிக்கை வந்ததும் செயலி ஓர் அட்டவணையில் ஒரு வரி எழுதி, வேலை எண்ணுடன் `202` பதிலை உடனே அனுப்பட்டும். தனியாக ஓடும் ஒரு செயல்முறை அந்த வரியை எடுத்து, அறிக்கையைக் கோப்பாக்கி வைக்கும். உலாவி 5 நொடிக்கு ஒருமுறை நிலையைக் கேட்டு, முடிந்ததும் கோப்பின் இணைப்பைக் காட்டும்.

இதில் இரண்டு காவல்கள் அவசியம். கிளை, மாதம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அதே வேலை ஏற்கெனவே வரிசையில் இருந்தால் புதிதாகச் சேர்க்காமல் பழைய எண்ணையே திருப்பிக் கொடுங்கள். அடுத்து, வேலை செய்யும் செயல்முறை நடுவில் இறந்தால் அந்த வரி ‘நடக்கிறது’ என்றே நின்றுவிடும். அதனால் தொடங்கிய நேரத்தையும் எழுதி வையுங்கள்; 15 நிமிடம் தாண்டியதைத் தோல்வி என்று குறித்து, பயனருக்கும் சொல்லுங்கள்.