‘ரெடியா இல்ல’ என்றவர் வெள்ளிக்கிழமைதோறும் வந்தால்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

என் தோழிக்கு 28 வயது. போன ஆண்டு பொங்கலுக்குச் சிராங்கூன் சாலையில் விளக்குகள் எரிந்த வாரத்தில் ஒருவரோடு பழக ஆரம்பித்தாள். ஏப்ரல் மாதம் ஒரு நாள் கேம்பல் லேனில் நடந்துகொண்டிருந்தபோது அவர் சொல்லிவிட்டார்: “நான் இப்போ ஒரு ரிலேஷன்ஷிப்புக்கு ரெடியா இல்ல.” அடுத்த வெள்ளிக்கிழமையே அவரிடமிருந்து செய்தி வந்தது: “தேக்கா வர்றியா?” அவளும் போனாள். தேக்கா நிலையத்தில் சாப்பாடு, பிறகு தே தாரிக், ஃபேரர் பார்க் எம்ஆர்டி வரை நடை. டிசம்பர் வரை அநேகமாக எல்லா வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று.

“சொன்னதை நம்புறதா, செய்றதை நம்புறதா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். இந்தக் கேள்விக்கு நம்மிடையே சில தயார்ப் பதில்கள் உலவுகின்றன. அவற்றில் பல தவறானவை. தவறான பதிலை நம்பினால் ஒருவருடைய வாழ்வில் ஓர் ஆண்டே போய்விடுகிறது.

நம்பிக்கை: இவ்வளவு நேரம் கூடவே இருக்கிறார் என்றால், தயாரில்லை என்றது சும்மா.

உண்மை: ஒருவரைப் பிடித்திருப்பது வேறு, உறவுக்குத் தயாராக இருப்பது வேறு. இரண்டையும் நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இந்த வேறுபாட்டையே ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் ஊரிலேயே இருக்கிறார். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளராக இருக்கும் கென்னத் டான், பெஞ்சமின் ஹேடன், கிறிஸ்டஃபர் அக்னியூ ஆகியோருடன் சேர்ந்து 2018இலும் 2019இலும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். ‘இது எனக்கு உறவுக்கான காலம்’ என்று ஒருவர் உணர்வதைத்தான் அவர்கள் தயார்நிலை என்கிறார்கள். அது எதிரில் இருப்பவரைப் பற்றிய மதிப்பெண் அல்ல. தன் வாழ்க்கையின் நேரத்தைப் பற்றி ஒருவர் வைத்திருக்கும் கணிப்பு. தனியாக இருப்பவர்களில் அந்த உணர்வு கூடுதலாக உள்ளவர்களே பின்னர் உறவில் இறங்குவதும் அதிகம் என்று கண்டார்கள்.

ஆகவே தோழியின் நண்பர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், வந்ததும் உண்மையாக இருக்கலாம். அவளுடைய அம்மா மருத்துவமனையில் கிடந்தபோது அவர் இரவு முழுக்க வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். அந்த அக்கறையில் பொய் இல்லை. ஆனால் அந்த இரவு அவள் மேல் அவருக்கு உள்ள பிரியத்தைச் சொல்கிறதே தவிர, ஏப்ரலில் சொன்ன சொல்லை மாற்றவில்லை. மாற்றியிருந்தால் அவரே வாய்விட்டுச் சொல்லியிருப்பார்.

நம்பிக்கை: அப்படியென்றால் அவர் திட்டமிட்டு ஏமாற்றுகிறார்.

உண்மை: சிலர் ஏமாற்றுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது அதைவிடச் சாதாரணமானது. முகத்தைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்ல மனிதர்களுக்கு வருவதில்லை.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சமந்தா ஜோயலும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. மாணவர்களிடம் அழகற்ற ஒருவரின் படத்தைக் காட்டி, அவரோடு தொடர்புகொள்ள விருப்பமா என்று கேட்டார்கள். ‘அவர் இங்கே இருப்பதாக நினைத்துச் சொல்லுங்கள்’ என்று கேட்டபோது சம்மதித்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேற்பட்டோர், ‘அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார்’ என்றபோது சம்மதித்தார்கள். அடுத்தவர் மனம் நோகுமே என்ற எண்ணம் அந்த அளவுக்கு வேலை செய்கிறது.

‘தயாரில்லை’ என்ற சொல் அந்த நோவைக் குறைக்க நன்றாக உதவுகிறது. ‘உன்னிடம் குறையில்லை, நேரம்தான் சரியில்லை’ என்று அது சொல்கிறது. சொல்பவருக்கு அது மென்மையான மறுப்பு, கேட்பவருக்கோ ஒத்திவைப்பு. ஒரே வாக்கியத்தை இருவரும் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதில் வில்லன் தேவையில்லை. ஆனாலும் காயம் ஒருவருக்குத்தான் படுகிறது. எதிரில் இருப்பவர் காத்திருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, அதைப் பேசாமல் விடுவது நல்ல மனதாகாது.

நம்பிக்கை: எந்நேரமும் அவர் நினைப்பாகவே இருக்கிறது. இதுதான் ஆழமான காதல்.

உண்மை: தெளிவின்மையே ஒருவரை நம் தலைக்குள் குடியேற்றிவிடும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வு ஒன்று 2011இல் வந்தது. 47 மாணவிகளிடம், சில ஆண்கள் அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்து மதிப்பிட்டதாகச் சொன்னார்கள். ஒரு குழுவிடம் ‘இவர்களுக்கு உங்களை மிகவும் பிடித்திருக்கிறது’ என்றார்கள். இன்னொரு குழுவிடம் ‘சுமாராகப் பிடித்திருக்கிறது’ என்றார்கள். மூன்றாவது குழுவிடம், இரண்டில் எது என்று தெரியாது என்றார்கள். அந்த ஆண்கள்மேல் அதிக ஈர்ப்பு கொண்டதும், அவர்களைப் பற்றி அதிகம் நினைத்ததும் மூன்றாவது குழுதான்.

தோழியின் வெள்ளிக்கிழமைகளை இதோடு வைத்துப் பார்த்தேன். அவருடைய செய்தி எப்போதும் அன்று மாலை ஐந்து மணிக்கு மேல்தான் வரும். வருமா வராதா என்று மதியத்திலிருந்தே கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வந்துவிட்டால் அந்த நிம்மதியையே சந்தோஷம் என்று எண்ணிக்கொள்வாள். அவள் அன்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தவிப்பை அன்பின் அளவுகோலாக வைக்கக் கூடாது என்கிறேன்.

நம்பிக்கை: ‘வீடு வாங்கினா புங்கோல் பக்கம்தான்’ என்று அவரே பேசுகிறார். இதைவிட என்ன உறுதி வேண்டும்?

உண்மை: நம் ஊரில் வீட்டுப் பேச்சு கல்யாணப் பேச்சுக்குச் சமம். “பிடிஓ போடலாமா?” என்பதுதான் இங்கே பலருக்குக் கிடைக்கும் முதல் கல்யாணக் கேள்வி. அதனால்தான் இதில் கவனம் வேண்டும்.

பேச்சுக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவில் நிறைய இருக்கிறது. மணமாகாத இருவர் சேர்ந்து வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்க, முதலில் இருவரும் தங்கள் வருமான விவரங்களைக் கொடுத்துத் தகுதிக் கடிதம் வாங்க வேண்டும். குலுக்கலில் எண் கிடைத்து வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, நாலறை வீடென்றால் 2,000 வெள்ளி கட்ட வேண்டும். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் திருமணச் சான்றிதழைக் காட்ட வேண்டும். நடுவில் விலகினால் பணமும் போகும், காத்திருப்பும் நீளும். இவற்றில் ஒரு படியையாவது இருவரும் சேர்ந்து ஏறியிருந்தால் அது உறுதி. இரவு நடையில் அடுக்குமாடிகளைக் காட்டிப் பேசுவது ஆசை மட்டும்தான்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தனியாள் 35 வயதுக்குப் பிறகே வீவக வீடு வாங்கலாம். ஜோடியாகப் போட்டாலும் புது வீடு கட்டி முடியச் சில ஆண்டுகள் ஆகும். ஆகவே இருபதுகளின் கடைசியில் இருக்கும் ஒருவர் ‘தயாரில்லை’ என்றால், அவர் பயப்படுவது உங்களுக்கா, அல்லது உறவு என்றதும் பின்னாலேயே வரிசைகட்டி நிற்கும் வீடு, கடன், இரு குடும்பத்துச் சந்திப்பு இவற்றுக்கா என்று வெளியிலிருந்து தெரியாது. ‘எதற்குத் தயாரில்லை?’ என்று கேட்டால்தான் தெரியும்.

நம்பிக்கை: பொறுமையாக இருந்தால் மனம் மாறும்.

உண்மை: தயார்நிலை மாறக்கூடியதுதான். ஆனால் நம் பொறுமையால் அது மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வேலை நிலைப்பது, பழைய உறவின் காயம் ஆறுவது, வீட்டுக் கடன் தீர்வது போன்ற அவருடைய சொந்தக் காரணங்களால் மாறலாம். அரைமனதோடு அவரை இழுத்துவந்தாலும் லாபமில்லை. தயார்நிலை குறைந்தவர்கள், உறவில் இருக்கும்போதும், பிரிந்துபோகும் வாய்ப்பு அதிகம் என்று 2019 ஆய்வு காட்டுகிறது.

காத்திருப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க மூன்றைப் பார்க்கலாம். காரணத்துக்கு ஒரு பெயர் இருக்கிறதா? அந்தக் காரணத்தைத் தீர்க்க அவர் ஏதாவது செய்கிறாரா? ‘தயாரில்லை’ என்று சொன்ன நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதாவது மாறியிருக்கிறதா?

தோழியை உட்காரவைத்து இந்த மூன்றையும் எழுதச் சொன்னேன். காரணத்தின் பெயர் அவளுக்குத் தெரியவில்லை, எட்டு மாதமாகக் கேட்கவே இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு எதுவும் மாறியதாகவும் தெரியவில்லை, ஒரு வாரத்துக்கு அப்பால் இருவரும் போட்ட திட்டம் ஒன்றுகூட இல்லை. தீபாவளிக்கு அவர் வீட்டில் திறந்த இல்ல விருந்து நடந்தது. அலுவலக நண்பர்கள் போனார்கள், அவளை அழைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள்.

நம்பிக்கை: வெளிப்படையாகக் கேட்டால் இருப்பதும் போய்விடும்.

உண்மை: கேட்டதால் போகிற ஒன்று, கேட்காவிட்டாலும் அவள் நினைத்த வடிவில் இல்லை. ஆனால் கேட்கும் விதம் முக்கியம். ‘நாம என்ன?’ என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். தன் நிலை, ஒரு கேள்வி, அதன் பிறகு தான் செய்யப்போவது என மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். செய்யப்போவது மிரட்டலாக இருக்கக் கூடாது, தன்னால் நிஜமாகச் செய்ய முடிந்ததாக இருக்க வேண்டும்.

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, சத்தமான தேக்கா நிலையத்தைவிட்டு வெளியே நடந்துகொண்டே அவள் சொன்னாள்: “எனக்கு உங்கமேல விருப்பம் இருக்கு. ஏப்ரல்ல ரெடியா இல்லைன்னு சொன்னீங்க. அது இன்னும் அப்படியேதானா? அப்படியேன்னா, இந்த வெள்ளிக்கிழமை சந்திப்பை நான் நிறுத்திக்கிறேன். கோபம் இல்ல. என்னால இதைச் சும்மா நட்பா பார்க்க முடியல.”

அவர் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு சொன்னார்: “உன்கூட இருக்கப் பிடிச்சிருக்கு. அதுக்கு மேல நான் யோசிக்கல. மாறல.” நேர்மையான பதில். ஏப்ரலில் சொன்னதேதான். இந்த முறை அவள் அதை அப்படியே கேட்டுக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தே காலுக்கு, பழைய செய்தி மறுபடி வந்தது: “தேக்கா வர்றியா?” என்னிடம் காட்டினாள். கை கொஞ்சம் நடுங்கிற்று. “வரல. நல்லா இருங்க” என்று பதில் எழுதி அனுப்பிவிட்டு, அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று எழுந்தாள்.