வீட்டுக் கடன் ஃபைல் எங்கே காத்துக் கிடக்கிறது?

வீட்டுக் கடன் தாமதமானால் எல்லோருடைய பார்வையும் சாங்ஷன் கையெழுத்துப் போடும் அதிகாரி மேல்தான் விழும். கடன் பரிசீலனைப் பிரிவில் நான் இருந்தபோது ஒரு வேல்யூ ஸ்ட்ரீம் மேப் வரைந்து பார்த்தோம். தாமதத்தில் அவர் மேசைக்கு இருந்த பங்கு மிகச் சிறியது.

டொயோட்டாவில் புழங்கிய முறை இது. மைக் ரோதரும் ஜான் ஷூக்கும் 1990களின் கடைசியில் எழுதிய ‘லேர்னிங் டு சீ’ நூல் வழியாக வெளியே பரவியது. வேலையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெட்டி போட வேண்டும். பெட்டிக்குள் ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் நேரம். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஃபைல் சும்மா கிடக்கும் நேரம். இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

அந்த நேரங்களை யாரிடமும் கேட்டு எழுதாதீர்கள். கேட்டால், சர்க்குலரில் உள்ளதைத்தான் சொல்வார்கள். பணம் பட்டுவாடா ஆன ஃபைல்களை எடுத்து, கடைசித் தாளிலிருந்து பின்னோக்கிப் புரட்டித் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கணினியை மட்டும் நம்பினாலும் போதாது. அது லாகின் ஆன நாளிலிருந்துதான் கணக்கு வைக்கும். அதற்கு முன் கிளையின் மேசை டிராயரில் ஃபைல் கிடந்த நாட்கள் அதில் வராது. வாடிக்கையாளருக்கோ, விண்ணப்பம் கொடுத்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது.

பழைய வீடு ஒன்றை வாங்குவதற்கான ஃபைல் இன்னும் நினைவில் இருக்கிறது. பேனல் வக்கீல் எழுதிய கடிதத்தில் தேதி 6. தாய்ப் பத்திரத்தின் நகலும் சட்ட வாரிசுச் சான்றும் வேண்டும் என்று கேட்டிருந்தார். வங்கியின் இன்வர்ட் முத்திரை 10. வாடிக்கையாளருக்கு போன் போட்டதாக ஓரத்தில் குறிப்பு, 13. அவர் மறுநாளே இரண்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவை வக்கீல் கைக்குப் போனது 17. பதினொரு நாளில் வாடிக்கையாளரால் ஆனது ஒரே நாள். மதிப்பீட்டாளரோ அதுவரை வீட்டுப் பக்கமே போகவில்லை, லீகல் முடிந்த பிறகே அவரை அனுப்பும் வழக்கம்.

அந்த வழக்கத்துக்குக் காரணம் உண்டு. சொத்துரிமையில் கோளாறு இருந்தால் மதிப்பீட்டுக் கட்டணம் வீணாகும். ஆனால் ஃபைல்களைப் பிரித்துப் பார்த்தபோது, வக்கீல் கேட்டவற்றில் பெரும்பாலானவை விடுபட்ட தாள்கள். உரிமைக் கோளாறு அபூர்வம். கட்டணம் திரும்ப வராது என்று முன்கூட்டியே சொல்லி, வாடிக்கையாளர் சம்மதித்தால் இரண்டு வேலைகளையும் ஒரே நாளில் தொடங்கலாம் என்று மாற்றினோம்.

வரைபடத்தில் நேரத்தைவிட நான் முக்கியமாக நினைப்பது இன்னொரு எண்: ஒரு கட்டத்துக்கு வரும் 100 ஃபைல்களில் திருப்பிக் கேட்காமல் நேரே எடுத்து வேலை செய்யக்கூடியவை எத்தனை? லாகினில் 80, வக்கீலிடம் 60, கடன் பரிசீலனையில் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியே பார்த்தால் சுமாராகத் தெரியும். பெருக்கினால், எங்கும் தடுக்கி நிற்காமல் போவது 100க்கு 34 தான். மீதி ஒவ்வொன்றும் குறைந்தது ஒரு தடவை பின்னால் போய் மறுபடி வரிசையில் நிற்கிறது. இதைச் சரிசெய்யும் இடம் கிளையின் கவுன்டர். எல்லாருக்கும் ஒரே நீளமான பட்டியலைக் கொடுப்பதை நிறுத்தினோம். புது ஃப்ளாட், பழைய வீடு, மனை வாங்கிக் கட்டுவது என்று தனித்தனிப் பட்டியல் போட்டோம். பழைய வீட்டுக்கான பட்டியலை வக்கீல்களையே உட்காரவைத்து எழுதவைத்தோம்: விற்பவருக்குச் சொத்து எப்படி வந்தது, வாரிசு வழி என்றால் எந்தச் சான்று, வில்லங்கச் சான்று எத்தனை ஆண்டுக்கு. அதோடு, கேள்விகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் முழு ஃபைலையும் படித்துவிட்டு ஒரே தடவையில் கேட்க வேண்டும் என்றும் பேசி முடித்தோம்.

தேங்கியிருக்கும் ஃபைல்களை எண்ணினாலே காத்திருப்பு தெரிந்துவிடும். ஒரு மேசையில் 60 ஃபைல். நாளுக்கு 5 முடிகிறது. இன்று வந்து சேரும் ஃபைலின் முறை வர 12 வேலை நாள், அதற்கான வேலை முக்கால் மணி நேரம்தான் என்றாலும். அங்கிருப்பவரை வேகப்படுத்துவதைவிட, திரும்பிவரும் ஃபைல்களைக் குறைத்தால் குவியல் தானாக வடியும்.

இதில் தொடக்கூடாதவை இருக்கின்றன. பரிசீலிப்பவரும் சாங்ஷன் கொடுப்பவரும் வேறு வேறு ஆளாக இருப்பது வீண் வேலை இல்லை. அசல் பத்திரங்களைச் சரிபார்ப்பதும் அப்படியே. வரைபடம் போட்ட உற்சாகத்தில் யாராவது இவற்றை அடிக்கப் பார்த்தால் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். குறைக்க வேண்டியது பெட்டிகளுக்கு நடுவே உள்ள நாட்களை.

சாங்ஷன் சீக்கிரம் வரத் தொடங்கியதும் குவியல் அடுத்த இடத்துக்கு நகரும். எங்களுக்கு அது அடமான ஆவணப் பதிவில் போய் நின்றது. சார் பதிவாளர் அலுவலக டோக்கன் வங்கியின் கையில் இல்லை. ஆனால் சாங்ஷன் கடிதம் கொடுக்கும்போதே தேதியைப் பேசி டோக்கன் போட்டுவிடுவது எங்கள் கையில்தான் இருந்தது. அடுத்த வரைபடத்தை அங்கிருந்து தொடங்கினோம்.