திகதிப் புதிர் பழகும் பிள்ளைகளுக்கு ஏழு அறிவுரைகள்

ஒருவருக்கு மாதம் மட்டும் தெரியும், மற்றவருக்கு நாள் மட்டும் தெரியும். இருவரும் "எனக்குத் தெரியாது", "இப்ப எனக்குத் தெரியும்" என்று இரண்டு மூன்று வசனம் பேசுகிறார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கிற நாங்கள் திகதியைச் சொல்லிவிட வேண்டும். கணித வகுப்பு முடிந்த பிறகு பிள்ளைகள் விரும்பிக் கேட்கிற புதிர்களில் இந்த வகையும் ஒன்று. விடையைத் தற்செயலாகப் பிடிக்கிற பிள்ளைகள் பலர். ஏன் அதுதான் விடை என்று கரும்பலகையில் காட்டக்கூடியவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் ஒருவராக வர விரும்புகிறவர்களுக்கு இவற்றைச் சொல்கிறேன்.

1. பேச்சை வாசிக்க முதல் பட்டியலை எழுதுங்கள்.

சின்னப் புதிர் ஒன்றில் தொடங்குவோம். கனடாவில் இருக்கிற மாமா யாழ்ப்பாணம் வரப்போகிறார். அம்மம்மா பேரப்பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் இருத்தி, மாமா வரக்கூடிய ஆறு திகதிகளைச் சொல்கிறார்:

யூன்: 4, 7
யூலை: 7, 9
ஓகஸ்ட்: 7, 9

பிறகு சரியான மாதத்தை அண்ணாவின் காதிலும் சரியான நாளைத் தங்கச்சியின் காதிலும் சொல்கிறார். பேச்சு இப்படிப் போகிறது:

தங்கச்சி: எனக்குத் திகதி தெரியாது.
அண்ணா: அப்பிடியெண்டா இப்ப எனக்குத் தெரியும்.

இதைத் தலைக்குள் வைத்துச் செய்யாதீர்கள். மேலே நான் எழுதியதுபோல மாதத்துக்கு ஒரு வரியாகக் கொப்பியில் எழுதுங்கள். அண்ணா ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். எந்த வரி என்பது அவருக்குத் தெரியும். தங்கச்சி ஓர் எண்ணை வைத்துக்கொண்டு அது எந்தெந்த வரியில் வருகிறது என்று தேடுகிறாள். இந்த இரண்டு பார்வைகளும் தாளில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

2. ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: எந்தத் திகதி என்றால் இவரால் இப்படிச் சொல்லியிருக்க முடியாது?

அந்தத் திகதிகளை வெட்டுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள். தங்கச்சி "எனக்குத் தெரியாது" என்கிறாள். அவள் காதில் 4 விழுந்திருந்தால், 4 யூனில் மட்டுமே இருப்பதால் உடனே திகதியைச் சொல்லியிருப்பாள். ஆகவே யூன் 4 போகிறது. மிச்சம் யூன் 7, யூலை 7, 9, ஓகஸ்ட் 7, 9.

இந்த மிச்சப் பட்டியலோடுதான் அடுத்த வசனத்துக்குப் போக வேண்டும். அண்ணா "இப்ப எனக்குத் தெரியும்" என்கிறார். அவரிடம் யூலையோ ஓகஸ்டோ இருந்தால் இன்னும் இரண்டு நாட்களுக்கு நடுவில் தடுமாறிக்கொண்டிருப்பார். யூனில் மட்டும் ஒரு நாள்தான் மிஞ்சியிருக்கிறது. மாமா வருவது யூன் 7.

பழைய பட்டியலுக்குத் திரும்பிப் போய் அண்ணாவின் வசனத்தைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. தொடக்கத்தில் அவரிடம் எந்த மாதம் இருந்தாலும் இரண்டு நாட்கள் இருந்தன. அவரை அறிய வைத்தது தங்கச்சியின் "தெரியாது"தான்.

3. நல்லூர்த் திருவிழாவைக் கொண்டுவராதீர்கள்.

இந்தப் புதிரைக் கொடுத்தால் யாராவது ஒரு பிள்ளை "ஓகஸ்ட்தான் சேர், வெளிநாட்டு ஆக்கள் நல்லூர்த் திருவிழாவுக்குத்தானே வருவினம்" என்று சொல்லும். ஊர் நடப்பு அதுதான். புதிருக்கு அது செல்லாது. இந்தப் புதிர்கள் நிற்பது மூன்று உடன்பாடுகளில். பட்டியல் இருவருக்கும் தெரியும். ஒருவரிடம் மாதமும் மற்றவரிடம் நாளும் இருப்பது இருவருக்கும் தெரியும். இருவரும் பொய் சொல்லமாட்டார்கள், கணக்கில் பிழைவிடவும் மாட்டார்கள், அதையும் இருவரும் அறிவார்கள். இதற்கு வெளியே நான்காவதாக ஒன்றைச் சேர்த்தால் நீங்கள் வேறொரு புதிரைச் செய்கிறீர்கள்.

மூன்றாவது உடன்பாடு எவ்வளவு தேவை என்று பாருங்கள். தங்கச்சி காதில் 4 விழுந்தும் கவனிக்காமல் "தெரியாது" என்று சொல்லக்கூடியவள் என்று அண்ணா சந்தேகித்தால், யூன் 4-ஐ அவரால் வெட்ட முடியாது. அவர் வெட்டவில்லை என்றால் நாங்களும் வெட்ட முடியாது.

4. "எனக்குத் தெரியாது" என்பதையும் "உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்" என்பதையும் ஒன்றாக எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் இதுதான். அதே ஆறு திகதிகளை வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை தங்கச்சி வாயே திறக்கவில்லை. அண்ணா முந்திக்கொண்டு, "தங்கச்சிக்குத் திகதி தெரியாது எண்டது எனக்கு வடிவாத் தெரியும்" என்கிறார்.

அவரிடம் இருப்பது மாதம் மட்டுமே. அதை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடியும்? அவரிடம் யூன் இருந்தால், தங்கச்சியிடம் 4 இருக்கக்கூடும், அவளுக்குத் திகதி தெரிந்தும் இருக்கக்கூடும். அந்த நிலையில் அண்ணா இப்படிச் சொல்லவே முடியாது. ஆகவே வெட்ட வேண்டியது யூன் 4 மட்டும் அல்ல, யூன் வரி முழுவதும். முதற்பேச்சில் விடையாக வந்த யூன் 7, இந்தப் பேச்சில் முதல் அடியிலேயே போய்விடுகிறது.

தங்கச்சி தானே சொன்னால் ஒரு திகதி போகிறது; அவளைப்பற்றி அண்ணா சொன்னால் ஒரு மாதமே போகிறது. எனவே ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் யார் பேசுகிறார், யாருடைய அறிவைப்பற்றிப் பேசுகிறார், அதுவரை என்ன கேட்டிருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. இதற்குப் பிறகு சிங்கப்பூர்ப் புதிருக்குப் போங்கள்.

2015 ஏப்ரலில் சிங்கப்பூரில் நடந்த ஒரு கணித ஒலிம்பியாட் வினாத்தாளில் வந்த புதிர் இது. தொலைக்காட்சி அறிவிப்பாளர் கென்னத் கோங் அதைப் பேஸ்புக்கில் போட, சில நாட்களில் உலகம் முழுவதும் பரவியது. ஐந்தாம் வகுப்புக் கேள்வி என்று முதலில் பேச்சு அடிபட்டது. உண்மையில் அது பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான தாளின் 24ஆவது கேள்வி. செரில் என்ற பெண் தன் பிறந்தநாள் இவற்றில் ஒன்று என்கிறாள்:

மே: 15, 16, 19
யூன்: 17, 18
யூலை: 14, 16
ஓகஸ்ட்: 14, 15, 17

அல்பேர்ட்டுக்கு மாதம் சொல்லப்படுகிறது, பெர்னார்ட்டுக்கு நாள்.

அல்பேர்ட்: எனக்குத் தெரியாது. பெர்னார்ட்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.
பெர்னார்ட்: முதலில் எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரியும்.
அல்பேர்ட்: அப்படியானால் எனக்கும் தெரியும்.

பட்டியலில் ஒரே தடவை வருகிற நாட்கள் 18, 19 இரண்டும்தான். 18 யூனில் இருக்கிறது, 19 மேயில் இருக்கிறது. அல்பேர்ட் பெர்னார்ட்டைப்பற்றி உறுதியாகப் பேசுவதால், நான்காம் அறிவுரைப்படி மேயும் யூனும் வரியோடு போகின்றன. மிச்சம் யூலை 14, 16, ஓகஸ்ட் 14, 15, 17.

பெர்னார்ட்டுக்கு இப்போது தெரிகிறது. அவரிடம் 14 இருந்தால் யூலையா ஓகஸ்டா என்று தெரிந்திராது. இரண்டு 14-உம் போகின்றன. மிச்சம் யூலை 16, ஓகஸ்ட் 15, ஓகஸ்ட் 17.

கடைசியில் அல்பேர்ட்டும் அறிந்துவிடுகிறார். அவரிடம் ஓகஸ்ட் இருந்தால் 15, 17 இரண்டுக்கும் நடுவில் நின்றிருப்பார். ஆகவே யூலை 16.

6. கிடைத்த விடையைப் பேச்சுக்குள் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

அந்த நாட்களில் ஓகஸ்ட் 17-தான் சரி என்று வாதாடியவர்கள் பலர். அவர்கள் முதல் அடியில் 18-ஐயும் 19-ஐயும் மட்டும் வெட்டினார்கள். யூனில் 17 மட்டும் மிஞ்ச, அல்பேர்ட் "எனக்குத் தெரியாது" என்பதால் யூனும் போனது. அதன்பின் 17 ஓகஸ்டில் மட்டும் இருக்கிறது. எனவே ஓகஸ்ட் 17 என்றார்கள். அடிக்கு அடி சரியாகத்தான் தெரியும்.

யார் சரி என்று அறியச் சண்டை தேவையில்லை. பிறந்தநாள் ஓகஸ்ட் 17 என்றே வைத்து இருவரையும் பேசவிடுங்கள். அல்பேர்ட்டிடம் ஓகஸ்ட்; ஓகஸ்டில் 18-உம் இல்லை, 19-உம் இல்லை; அவரது முதல் வசனம் சரி. பெர்னார்ட்டிடம் 17; யூன் போய்விட்டதால் ஓகஸ்ட் என்று அறிவார்; அவரது வசனமும் சரி. மூன்றாவது வசனத்தில் அல்பேர்ட் நிற்கிறார். பெர்னார்ட்டிடம் 15 இருந்தாலும் அவர் அதையேதான் சொல்லியிருப்பார். 15-ஐயும் 17-ஐயும் பிரிக்க வழியில்லாமல் "எனக்கும் தெரியும்" என்று அல்பேர்ட் சொன்னால் அது பொய்.

ஓகஸ்ட் 17 ஒரு புதிருக்கு விடைதான், அது வேறு புதிர். பெர்னார்ட் முதலில் "எனக்குத் தெரியாது" என்று தானே சொல்லி, பிறகு அல்பேர்ட் "எனக்கும் தெரியாது" என்று சொல்கிற புதிர் அது. பிழைவிட்டவர்கள் கேட்காத ஒரு வசனத்தைப் பெர்னார்ட்டின் வாயில் வைத்துவிட்டார்கள்.

7. புதிர் செய்யப் பழகும்போது ஒவ்வொரு திகதியாக எடுத்துவிட்டு மறுபடி தீர்த்துப் பாருங்கள்.

செரிலின் பட்டியலிலேயே தொடங்கலாம். ஓகஸ்ட் 17-ஐ எடுத்துவிடுங்கள். கடைசியில் யூலை 16-உம் ஓகஸ்ட் 15-உம் மிஞ்சும், எதுவானாலும் அல்பேர்ட் அறிந்துவிடுவார், கேட்கிற நாங்கள்தான் அறியமாட்டோம். புதிருக்கு இரண்டு விடை வந்துவிட்டது.

யூன் 17-ஐ எடுத்தால் 17 ஓகஸ்டில் மட்டும் வரும் நாளாகிறது. முதல் வசனத்திலேயே ஓகஸ்டும் போய், யூலை 14-உம் 16-உம் மிஞ்சும். பெர்னார்ட்டுக்குத் தெரியும், அல்பேர்ட்டுக்கு ஒருபோதும் தெரியாது. அப்பேச்சு நடக்கவே முடியாது. விடை ஒன்றும் இல்லை.

மே 19-ஐ எடுத்தால் மே முதல் அடியில் தப்பிவிடும். அதன்பின் 14, 15, 16 மூன்றும் இரண்டிரண்டு மாதத்தில் நிற்க, பெர்னார்ட் அறியக்கூடியது 17 ஒன்றுதான். விடை ஓகஸ்ட் 17-ஆக மாறுகிறது.

யூன் 18-ஐ எடுத்தால் விடை மாறாது, யூலை 16-தான். ஆனால் யூன் போகிற காரணம் மாறுகிறது. யூனில் 17 மட்டும் நிற்பதால், "எனக்குத் தெரியாது" என்ற அல்பேர்ட்டின் முதல் பாதி வசனம் அதை வெட்டுகிறது. மூலப் புதிரில் ஒவ்வொரு மாதத்திலும் இரண்டு நாளாவது இருந்ததால் அந்தப் பாதி ஒரு திகதியையும் வெட்டாமல் சும்மா இருந்தது.

உங்கள் சொந்தப் புதிரிலும் இப்படியே செய்யுங்கள். எந்த வசனம் எந்தத் திகதியை வெட்டுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றையும் வெட்டாத வசனம் இருந்தால் நீக்குங்கள். எடுத்தாலும் எந்த அடியும் மாறாத திகதி இருந்தால் அதையும் நீக்குங்கள். கடைசியில் ஒரு திகதி மட்டும் மிஞ்சி, அதைத் திருப்பிப் போடும்போது ஒவ்வொரு வசனமும் உண்மையாக நின்றால், அந்தப் புதிரைப் பக்கத்துக் கதிரையில் இருக்கிற பிள்ளையிடம் கொடுக்கலாம்.